நீங்க எடுத்த வீடியோ உங்களுக்குச் சொந்தம் இல்ல! பிராண்ட் டீல்ல சைன் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

(முதல் காட்சி: கேமராவை நேராப் பார்த்து)

நீங்க யோசிச்சு, நீங்க நடிச்சு, உங்க ஃபோன்லயே ஷூட் பண்ணி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து எடிட் பண்ண வீடியோ. ஒரு பிராண்ட் கேட்டுச்சு, காசு கொடுத்துச்சு, எடுத்தீங்க. இப்போ அந்த வீடியோ யாருக்குச் சொந்தம்?

"எனக்குத்தான்"னு தோணுதுல்ல? இந்தியக் காப்பிரைட் சட்டம் அப்படிச் சொல்லல.

1957-ஆம் வருஷத்துச் சட்டம். அதுல 17-ஆவது பிரிவு, உட்பிரிவு (பி). யாரோ ஒருத்தர் கேட்டு, காசு வாங்கிட்டு எடுத்த ஃபோட்டோவோ சினிமாப் படமோ இருந்தா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, அதோட முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். "சினிமாப் படம்"னா தியேட்டர் படம் மட்டும்னு நினைக்காதீங்க. சட்டத்துல அந்த வார்த்தைக்கு அர்த்தம், காட்சியா பதிவு பண்ண எந்தப் படைப்பும். உங்க 40 செகண்ட் ரீலும் அதுல வந்துடும்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல"ங்கிற அந்தச் சின்னத் துண்டு. பேப்பர்ல எதுவும் எழுதலைன்னா இந்தப் பிரிவைக் காட்டி பிராண்ட் உரிமை கேக்கலாம். ஒரே ஒரு வரி எழுதிட்டா கேக்க முடியாது. அந்த வரியைக் கடைசியில அப்படியே தர்றேன், காப்பி பண்ணிக்கோங்க.

வணக்கம் மக்களே. பிராண்ட் டீல்னா என்ன, எப்படி வரும்ங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஏஜென்சி மெயில் பண்ணுவாங்க, ரேட் கேப்பாங்க, நாலு பக்க பிடிஎஃப் அனுப்பி "இன்னைக்குள்ள சைன் பண்ணிடுங்க"ம்பாங்க. நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

என் கதை ஒண்ணு. ரெண்டாவதா வந்த டீல், ஒரு ரீலுக்கு 15,000 ரூபாய். சந்தோஷமா சைன் பண்ணேன். பத்து மாசம் கழிச்சு எங்க அத்தை ஃபோன் பண்றாங்க. "ஏன்டா தம்பி, இங்க கடை வாசல்ல பேனர்ல நிக்கிறியே, சொல்லவே இல்ல?" என் ரீல்ல இருந்து ஒரு ஃப்ரேமை எடுத்து ஃப்ளெக்ஸ் அடிச்சிருக்காங்க. பேப்பரை எடுத்துப் பார்த்தா மூணாவது பக்கத்துல இருக்கு: "எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, நிரந்தரமாக." நான்தான் சைன் பண்ணியிருக்கேன். ஒரு ரூபாய் கூடுதலா கேக்க வழியில்ல. இந்த வீடியோ போடறதுக்குக் காரணமே அந்த ஃபோன்கால்தான்.

(திரையில்: போஸ்ட் – ரீபோஸ்ட் – விளம்பரம் – உங்க பேர்லயே விளம்பரம் – பேனர்)

ஒரே வீடியோவை அஞ்சு விதமா பயன்படுத்தலாம். அஞ்சுக்கும் ஒரே ரேட்னு ஒத்துக்கறதுதான் நம்ம ஆளுங்க செய்யற பெரிய தப்பு.

நீங்க உங்க பேஜ்ல போடறது முதல்ல. அதுக்குத்தான் ரேட் சொல்லியிருக்கீங்க. பிராண்ட் அவங்க பேஜ்ல ரீபோஸ்ட் பண்றது அடுத்தது. இதுல பெருசா பிரச்சனை இல்ல, மூணு மாசத்துக்குச் சும்மாவே கொடுக்கலாம்ங்கிறது என் கருத்து. மூணாவது, உங்க வீடியோவை அவங்க காசு கட்டி விளம்பரமா ஓட்டறது. இங்கதான் கணக்கு மாறுது. ஒரு மாடலை வச்சு விளம்பரப் படம் எடுத்திருந்தா அவங்களுக்கு ஆகியிருக்கிற செலவை உங்க ரீல் மிச்சம் பண்ணுது. அதனால இதுக்குத் தனிக் காசு.

நாலாவதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். இன்ஸ்டாகிராம்ல பார்ட்னர்ஷிப் ஆட்னு ஒண்ணு இருக்கு. பிராண்ட் காசு கட்டும், ஆனா விளம்பரம் உங்க பேரோட, உங்க ஐடியோட ஓடும். பார்க்கிறவங்களுக்கு நீங்களே திரும்பத் திரும்ப வந்து விக்கிற மாதிரி இருக்கும். உங்களை ஃபாலோ பண்ணாதவங்க ஃபீடுலயும் வருவீங்க. பொருள் சரியில்லைன்னா திட்டும் உங்களுக்குத்தான் விழும். ஏஜென்சி "ஒரு கோட் மட்டும் ஷேர் பண்ணுங்க"ன்னு சாதாரணமாக் கேப்பாங்க. உங்க வீடியோவை இப்படி ஓட்ட நீங்க தர்ற அனுமதிதான் அந்தக் கோட். எத்தனை நாள், எந்த வீடியோ, எவ்வளவு காசுன்னு எழுத்துல வாங்காம அந்தக் கோடைக் கொடுக்காதீங்க. முடியற தேதியை காலண்டர்ல குறிச்சு வச்சு, அன்னைக்கு செட்டிங்ல போய் பர்மிஷனை எடுத்துடுங்க.

அஞ்சாவது பேனர், டிவி, கடை வாசல். அது வேற உலகம், வேற ரேட்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம். காப்பிரைட்டை நீங்களே வச்சுக்கிட்டு, பயன்படுத்திக்க அனுமதி, அதாவது வெறும் லைசென்ஸ்தான் கொடுக்கறீங்க, ஆனா எத்தனை நாள்னு எழுதலைன்னு வைங்க. நிறைய பேர் அது காலாகாலத்துக்கும்னு நினைக்கிறாங்க. இல்ல. அதே காப்பிரைட் சட்டம் 19-ஆவது பிரிவு, காப்பிரைட்டை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கறப்போ காலம் சொல்லலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கச் சொல்லுது. ஊர் சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். லைசென்ஸுக்கும் இதே விதிதான் பொருந்தும். அதனாலதான் அவங்க பேப்பர்ல "நிரந்தரமாக", "உலகம் முழுக்க"ன்னு மெனக்கெட்டு எழுதறாங்க. அந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்தா அடிச்சிட்டு "90 நாள், இந்தியா"ன்னு எழுதுங்க.

உங்க வீடியோ காலம் முடிஞ்சும் ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெட்டா ஆட் லைப்ரரின்னு தேடுங்க. யார் வேணாலும் பார்க்கலாம். நாட்டை இந்தியான்னு வச்சு பிராண்ட் பேரைப் போட்டா, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல இப்போ ஓடற விளம்பரம் எல்லாம் வரும், எந்தத் தேதியில இருந்து ஓடுதுன்னும் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டுப் பேசுங்க.

சரி, ஒரு டீலை முழுசாப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர்ல சமையல் சேனல் வச்சிருக்கிற ஒரு அக்கான்னு நினைச்சுக்கோங்க. மசாலா கம்பெனி ஒண்ணு 60,000 ரூபாய் சொல்லுது. ஒரு ரீல், ரெண்டு ஸ்டோரி. பேப்பர்ல இருக்கிறது: எல்லா ஊடகம், நிரந்தரம், ஆறு மாசம் வேற எந்த உணவுப் பொருளையும் விளம்பரம் பண்ணக் கூடாது, கேம்பெயின் முடிஞ்சு 60 நாள்ல பணம்.

முதல்ல அந்த ஆறு மாசத்தைப் பாருங்க. அந்த அக்காவுக்கு வழக்கமா மாசம் ஒரு உணவு டீல் 40,000-க்கு வருதுன்னா, ஆறு மாசத்துல 2,40,000 போகுது. 60,000 வாங்கறதுக்காக! அவங்க செய்ய வேண்டியது, "உணவுப் பொருள்"ங்கிறதை "மசாலாப் பொடி"ன்னு சுருக்கணும், ஆறு மாசத்தை ஒரு மாசமாக்கணும். அப்போ அரிசி, எண்ணெய், மிக்ஸி எல்லாம் திறந்தே இருக்கும். கம்பெனியோட நியாயமான பயம், நாளைக்கே போட்டி மசாலாவைத் தூக்கிப் பிடிச்சிடுவாங்களோங்கிறதுதான். அது இதுலயே தீர்ந்துடும்.

அடுத்து விளம்பர உரிமை. நான் கணக்குப் போடற முறை, மாசத்துக்கு அடிப்படை ரேட்ல 20 சதவீதம். இது சட்டம் இல்ல, என் வழக்கம். 60,000-க்கு மாசம் 12,000, மூணு மாசத்துக்கு 36,000. மொத்தம் 96,000. "அவ்ளோ பட்ஜெட் இல்லம்மா"ன்னா, விளம்பர உரிமையை எடுத்துட்டு 60,000-க்கே முடிக்கலாம். ரேட்டைக் குறைக்காதீங்க, கொடுக்கிற உரிமையைக் குறைங்க.

(திரையில்: 96,000)

பணம். "கேம்பெயின் முடிஞ்சு 60 நாள்"ல எனக்குப் பயம் 60 மேல இல்ல, "கேம்பெயின் முடிஞ்சு" மேலதான். அது என்னைக்கு முடியும்னு முடிவு பண்றது அவங்க. தேதி உங்க கையில இருக்கிற செயல்ல இருந்து ஆரம்பிக்கணும். பாதி, ஷூட்டுக்கு முன்னாடி. மீதி, வீடியோ போஸ்ட் பண்ண நாள்ல இருந்து 30 நாள். அதோட "திருத்தம் ரெண்டு முறை, அஞ்சு வேலை நாள்ல பதில் வரலைன்னா அப்ரூவ் ஆனதா அர்த்தம்"னு சேருங்க. இல்லைன்னா வீடியோ அவங்க மெயில்லயே தூங்கும், போஸ்ட்டும் ஆகாது, பணமும் வராது. ஷூட் முடிஞ்சப்புறம் அவங்களா கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம்னும் இருக்கணும்.

ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணவங்களுக்கு ஒண்ணு. "ஜிஎஸ்டி தனி"ன்னு எழுதலைன்னா அந்த 96,000-க்குள்ளயே 18 சதவீதமும் அடங்கிடுச்சும்பாங்க. அப்போ உங்களுக்கு நிக்கிறது 81,356. கிட்டத்தட்ட 14,600 ரூபாய் ஒரு வார்த்தையில போயிடும். அதைவிட வலிக்கிறது இன்னொண்ணு: இன்வாய்ஸ் போட்டுட்டா, பிராண்ட் பணம் தரலைன்னாலும் வரியை நீங்க கையில இருந்து கட்டணும். மாசாமாசம் ரிட்டர்ன் போடறவங்களுக்கு அடுத்த மாசம் 20-ஆம் தேதி கெடு. டிடிஎஸ் பிடிப்பாங்க, அது உங்க பான் கணக்குல ஏறிடும், தொலைஞ்சு போகாது.

இனி நிறைய பேருக்குத் தெரியாத ஆயுதம். உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது உங்க வேலையைச் சிறு தொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்றது. ஆதார், பான் இருந்தா ஆன்லைன்ல இலவசம், காசு கேக்கிற சைட்டு எல்லாம் இடைத்தரகர். வீடியோ எடுத்துத் தர்றது சேவைத் தொழில், அதனால நீங்களும் குறுந்தொழில்தான். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, நீங்க முடிச்சுக் கொடுத்த வேலையை பிராண்ட் ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து 45 நாளுக்கு மேல பணத்தை இழுக்கிற மாதிரி ஒப்பந்தமே போட முடியாது. எழுத்துல எதுவும் இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்ல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. அதுக்கும் மேல, குறிச்ச நாளுக்குள்ள உங்களுக்குத் தராத தொகையை, பணம் தர்ற வரைக்கும் அவங்க வருமான வரிக் கணக்குல செலவாக் காட்ட முடியாது. அதனால இன்வாய்ஸ்லயே உத்யம் நம்பரைப் போடுங்க. மார்க்கெட்டிங் ஆளு கண்டுக்க மாட்டார், அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவர் கண்டிப்பாக் கவனிப்பார். ரெஜிஸ்ட்ரேஷன் டீலுக்கு முன்னாடியே இருக்கணும், சண்டை வந்தப்புறம் போட்டா பழைய பில்லுக்கு உதவாது.

"விளம்பரம்"னு லேபிள் போட வேண்டாம்னு பிராண்ட் கேட்டா அந்த டீலே வேண்டாம். அபராதம் உங்க பேர்லயும் வரும்.

இப்போ நான் சொன்ன வரி. பாஸ் பண்ணி எழுதிக்கோங்க.

(திரையில், பத்து செகண்ட் நிக்கட்டும்)

"இந்த வீடியோவின் காப்பிரைட் படைப்பாளருடையது. பிராண்டுக்கு அவர்களது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பகிரவும், மெட்டாவில் விளம்பரமாக ஓட்டவும், இந்தியாவுக்குள், போஸ்ட் செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்கு மட்டும் உரிமம். வேறு எந்தப் பயன்பாட்டுக்கும், எடிட் செய்யாத ஃபுட்டேஜுக்கும் தனி எழுத்து ஒப்புதலும் தனிக் கட்டணமும் தேவை."

வாட்ஸ்அப்ல பேசி முடிக்கற டீலா இருந்தா, இதையே மெயில்ல அனுப்பி "சம்மதம்"னு பதில் வாங்குங்க. பெரிய தொகைன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பேப்பர்தான், அதை ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

உங்க பேப்பர்ல புரியாத ஷரத்து இருந்தா, பிராண்ட் பேரையும் உங்க பேரையும் மறைச்சிட்டு அந்த வரியை மட்டும் கமெண்ட்ல போடுங்க. "எல்லா ஊடகங்களிலும்"னு இருக்கிறதை முதல்ல எடுத்துப் படிக்கிறேன்.