பழைய லேத் வாங்கறப்ப ‘பரிசோதித்துத் திருப்தி அடைந்தார்’னு ஒரு வரி

கேள்வி: “வணக்கம் சார், கொண்டலாம்பட்டியில இருந்து பேசறேன். சூரமங்கலம் பக்கம் ஒரு பழைய ஆறரை அடி லேத், 2,80,000 ரூபாய்க்குப் பேசியிருக்கேன். ஒர்க்‌ஷாப்பை மூடிட்டாங்க, கரண்டைக் கட் பண்ணிட்டாங்க, அதனால ஓட்டிப் பார்க்க முடியல. அக்ரிமெண்ட்ல ‘உள்ளது உள்ளபடி’ன்னு போட்டிருக்கு. ‘வாங்குபவர் பரிசோதித்துத் திருப்தி அடைந்தார்’னும் இருக்கு. 50,000 அட்வான்ஸ் கேக்கறாங்க. கையெழுத்துப் போடலாங்களா?”

இப்ப இருக்கற மாதிரியே போடாதீங்க தம்பி. ரெண்டு மூணு வரியை மாத்திட்டுப் போடலாம். பழைய மெஷின் வாங்கறவங்க நிறையப் பேரு ‘உள்ளது உள்ளபடி’ங்கறதைப் பார்த்துத்தான் பயப்படறாங்க. எனக்கு அது பெரிய பயம் இல்லைங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கற ‘திருப்தி அடைந்தார்’ங்கறதுதான் பயம்.

ஏன்னு சொல்றேன். பொருள் விற்பனைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1930ஆம் வருஷத்துச் சட்டம். அதுல 16ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பொதுவா ஒரு பொருளோட தரத்துக்கு விற்கறவர் தானாவே பொறுப்பு ஆக மாட்டாரு. சில விதிவிலக்கு இருக்கு. அந்த மாதிரிப் பொருளையே வியாபாரமா விற்கறவர்கிட்ட வாங்கினா, அது விற்கத் தகுந்த தரத்துல இருக்கணும்னு சட்டமே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கும். உங்களுக்கு விற்கறவரு மெஷின் வியாபாரி இல்லையே. பட்டறை வெச்சிருந்தாரு, மூடறாரு, கையில இருக்கற லேத்தை விற்கறாரு. அப்ப அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு முதல்லயே கிடையாது. ‘உள்ளது உள்ளபடி’ன்னு எழுதினாலும் எழுதாட்டியும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். பழைய மெஷினை அந்த விலைக்குத் தர்றவரு அப்படி எழுதிக் கேக்கறதுல தப்பும் இல்லைங்க.

ஆனா ‘பரிசோதித்துத் திருப்தி அடைந்தார்’ங்கறது வேற. அது நடக்காத ஒண்ணு நடந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுக்கற வாக்குமூலம். வியாபாரிகிட்ட வாங்கற கேஸ்லயே, நீங்க பொருளைப் பார்த்துட்டீங்கன்னா, அப்படிப் பார்த்தா தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு அப்புறம் சண்டை போட முடியாதுன்னு அதே பிரிவுல இருக்கு. நாளைக்கு ஸ்பிண்டில் பேரிங் கத்துதுன்னு நீங்க போனா, ‘பார்த்துத் திருப்தின்னு கையெழுத்துப் போட்டீங்களே’ன்னு கேப்பாங்க. ‘கரண்ட் இல்லைங்க, ஓட்டிப் பார்க்கல’ன்னு நீங்க வாயால சொல்றது எழுதின வரிக்கு முன்னாடி நிக்கறது ரொம்பக் கஷ்டம்.

என்கிட்ட வந்த ஒரு கேஸ் சொல்றேன், யாரு எவருன்னு வேண்டாம். இதே மாதிரி ஓட்டாம வாங்கின லேத். புதுசா பச்சைப் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு. கொண்டுவந்து வெச்சு ஓட்டினா கியர் பாக்ஸ்ல இருந்து ஆயில் கசியுது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தா காஸ்டிங்ல விரிசல், வெல்டிங் வெச்சு, மேல பட்டி பார்த்து மூடியிருக்கு. குறையைத் தெரிஞ்சே மறைச்சா அது ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி மோசடி. ‘உள்ளது உள்ளபடி’ங்கற வரி விற்றவரைக் காப்பாத்தாது. ஆனா மறைச்சது இவருதான், அது இவருக்குத் தெரியும்னு நாம நிரூபிக்கணுமே. அவரு ‘நான் வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு’ன்னு சொல்லிட்டாரு. வாங்கின ஆளு அலைஞ்ச அலைச்சலைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். அதனாலதான் ஓட்டிப் பார்க்காத மெஷினுக்கு இந்த வரியில கையெழுத்துப் போடாதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சரி, கரண்ட் இல்லையே, எப்படி ஓட்டறது? வாடகை ஜெனரேட்டர் எடுங்க. மோட்டார் எத்தனை ஹெச்.பி.ன்னு சொன்னா எந்த சைஸ் வேணும்னு வாடகைக்கு விடறவரே சொல்லிடுவாரு. ‘நம்ம இடத்துக்கு வண்டியில ஏத்திட்டு வந்து ஓட்டிக்கலாம்’னு மட்டும் நினைக்காதீங்க. பெட்டைத் தூக்கி இறக்கி, லெவல் பார்க்காம உட்கார வெச்சா, பெட் லேசா முறுக்கிக்கும். நல்ல லேத் கூட டேப்பர் அடிக்கும். அப்ப அவரு ‘நீங்க தூக்கினதுல கெட்டுப்போச்சு’ன்னுவாரு, அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. இப்ப அது பழைய இடத்துலயே பவுண்டேஷன் போல்ட் போட்டு நிக்குது இல்லீங்களா, அதுதான் சோதனைக்குச் சரியான இடம்.

ஓட்டறப்ப என்ன பார்க்கணும்னா, அனுபவம் உள்ள ஒரு டர்னரைக் கூட்டிட்டுப் போங்க, ஒரு நாள் கூலி குடுத்தாவது. ஓட்டறதுக்கு முன்னாடி கேரேஜ் லாக்கை சக்குக்குப் பக்கத்துல லேசா இறுக்கி வெச்சு, டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்தச் சொல்லுங்க. போகப் போக இறுகுச்சுன்னா சக்குப் பக்கம் பெட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். வேலை எப்பவும் அங்கதானே நடக்கும். அப்புறம் ஹெட் ஸ்டாக்ல இருக்கற ஆயிலைப் பாருங்க. சத்தத்தை அடக்கக் கட்டியான ஆயிலை ஊத்தி வெக்கறது உண்டு. சந்தேகமா இருந்தா வடிச்சுட்டு சரியான ஆயிலை ஊத்தி ஓட்டுங்க. ஒவ்வொரு கியரும் போட்டுப் பார்த்துட்டு, அதிக வேகத்துல ஒரு அரை மணி நேரம் விட்டு, பேரிங் இருக்கற இடத்துல கை வெச்சுப் பாருங்க. கை வெக்க முடியாத சூடு, இல்ல கரகரன்னு சத்தம், ரெண்டும் ஆகாது.

கடைசியா ஒரு டெஸ்ட் கட். 40 மில்லி தடிமன் ராடைச் சக்குல பிடிச்சு 150 மில்லி வெளிய நிக்கற மாதிரி வெச்சுக்கங்க. டெயில் ஸ்டாக் சப்போர்ட் குடுக்காதீங்க. மெல்லிசா ஒரு பினிஷ் கட் ஓட்டி, ரெண்டு முனையையும் மைக்ரோமீட்டர்ல அளங்க. எவ்வளவு வித்தியாசம் வரலாம்ங்கறது உங்க வேலையைப் பொறுத்தது. ஜவ்வரிசி ஆலைக்கு ஷாப்ட் கடையறவருக்கு ஒரு அளவு போதும், பேரிங் உட்கார்ற வேலை செய்யறவருக்கு அது பத்தாது. உங்களுக்கு 0.04 மில்லி வரைக்கும் பரவால்லைன்னா அந்த எண்ணை அக்ரிமெண்ட்லயே எழுதணும். ‘நல்ல கண்டிஷன்’னு எழுதினா அதுக்கு அளவு கிடையாது. 0.04க்கு அளவு இருக்கு, அதை யாரும் மறுபடி அளந்து பார்த்துக்கலாம்.

இப்ப அந்த வரியை எப்படி மாத்தறதுன்னு சொல்றேன். ‘திருப்தி அடைந்தார்’ங்கறதை அடிச்சுட்டு, இப்படி எழுதச் சொல்லுங்க: ‘இந்தத் தேதி வரை மின்சாரம் இல்லாததால் இயந்திரம் ஓட்டிப் பார்க்கப்படவில்லை. 10 நாட்களுக்குள் விற்பவரின் இடத்திலேயே, வாங்குபவர் செலவில் ஜெனரேட்டர் வைத்து, இணைப்புத் தாளில் உள்ள சோதனைகள் செய்யப்படும். ஏதாவது ஒன்றில் தேறாவிட்டால் வாங்குபவர் மறுக்கலாம். மறுத்தால் முன்பணம் முழுவதும் 7 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும். தேறினால் அதன் பிறகு உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்வார்.’ கவனிங்க, ‘உள்ளது உள்ளபடி’யை நாம எடுக்கவே இல்லை. ஓட்டிப் பார்த்ததுக்குப் பின்னாடி தள்ளி வெச்சிருக்கோம். அவருக்கும் நியாயம், உங்களுக்கும் நியாயம். இதையே மறுக்கறாருன்னா, அந்த மெஷினைப் பத்தி அவருக்கு ஏதோ தெரியும்னுதான் நான் நினைப்பேன்.

‘பணம் திருப்பித் தரப்படும்’ங்கற வரியை விட்டுடாதீங்க. அது இல்லாம வெறும் ‘பரிசோதனை உரிமை உண்டு’ன்னு இருந்தா, குறை தெரிஞ்ச பிறகு என்ன செய்யலாம்னு அதுல ஒண்ணுமே இருக்காது. அதே மாதிரி மெஷினை ஏத்தறதுக்கு முன்னாடியே மறுக்கறதை எழுத்துல சொல்லிடணும். பொருளை ஏத்துக்கிட்ட பிறகு நிபந்தனை மீறலுக்கு நஷ்ட ஈடு மட்டும்தான் கேக்க முடியும், திருப்பித் தர முடியாதுன்னு 13ஆவது பிரிவு சொல்லுது, அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய. ஒண்ணும் சொல்லாம நியாயமான நேரத்துக்கு மேல வெச்சுக்கிட்டாலும் ஏத்துக்கிட்டதாத்தான் எடுத்துக்குவாங்க, அது 42ஆவது பிரிவு. வாட்ஸ்அப்ல அனுப்பற தகவலே போதும்னு ஒரு வரி சேர்த்துக்கங்க, அப்புறம் ‘எனக்கு வரல’ங்கற பேச்சு இருக்காது.

பணத்தை இப்படிப் பிரிங்க. 50,000 அட்வான்ஸ் ஓட்டாத மெஷினுக்கு அதிகம். 20,000 குடுங்க. சோதனை தேறின அன்னைக்கு, ஏத்தறதுக்கு முன்னாடி, 2,40,000. மீதி 20,000ஐ உங்க பட்டறையில உட்கார வெச்சு 15 நாள் கழிச்சுத் தர்றேன்னு கேட்டுப் பாருங்க. அவரு ஒத்துக்க மாட்டாரு, பெரும்பாலும் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கலேன்னா அதே 20,000ல கொஞ்சத்தை விலையில குறைச்சுக் கேளுங்க. ரிஸ்க்கை நீங்க எடுத்துக்கறீங்க இல்ல, அதுக்கு ஒரு விலை உண்டு.

இன்னொண்ணு, தரத்தைப் பத்தியே பேசிட்டு மெஷின் யாரோடதுன்னு கேக்காம விட்டுடாதீங்க. பட்டறையை மூடறாருன்னா பேங்க் லோன் இருந்திருக்கலாம். லோன்ல வாங்கின மெஷின்ல பேங்க் பேர் போட்ட தகடு அடிச்சிருப்பாங்க. அதைப் பிடுங்கின ஓட்டை இருக்கான்னு பாருங்க. செர்சாய்னு அடமானப் பதிவேடு ஆன்லைன்ல இருக்கு, சின்னக் கட்டணம் கட்டித் தேடலாம். ‘இயந்திரம் என் சொந்தம், எந்தக் கடனுக்கும் ஈடாக இல்லை, இருந்தால் வாங்கிய தொகை முழுவதும் திருப்பித் தருவேன்’னு எழுதி வாங்குங்க. தரத்துல ‘உள்ளது உள்ளபடி’ சரி, சொந்தம்ங்கறதுல அது கூடாது. பழைய பில்லோட நகலும் வாங்கிக்கங்க.

அப்புறம் அட்வான்ஸ் குடுத்த நாளுக்கும் தூக்கற நாளுக்கும் நடுவுல நாலு ஜா சக்கு, சேஞ்ச் கியர் செட், ஸ்டெடி எல்லாம் காணாம போறது அடிக்கடி நடக்கறதுங்க. மோட்டாரையே மாத்தி வெக்கறவங்களும் உண்டு. மெஷின் தகட்டுல இருக்கற சீரியல் நம்பர், மோட்டார் நம்பர், கூட வர்ற ஒவ்வொரு சாமானும் எத்தனைன்னு, எல்லாத்தையும் இணைப்புத் தாள்ல எழுதி போட்டோ எடுத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஏத்தற அன்னைக்கு அந்தத் தாளைக் கையில வெச்சு ஒவ்வொண்ணா எண்ணிட்டு, அப்புறம்தான் கிரேன்காரரைத் தூக்கச் சொல்லணும். அடுத்த கேள்விக்குப் போவோம்.