தலைப்பை மறைத்துவிட்டு ஒரு கவிதை

கோடைக்கானல் மலையிலும் அடிவாரத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். இந்தப் பேச்சுக்காக மூன்று வரி எழுதி வந்திருக்கிறேன். தலைப்பை இப்போது சொல்லமாட்டேன்.

இன்றும் இரண்டு தம்ளரில் காபி ஊற்றினேன்.
ஒன்றைத் தட்டு போட்டு மூடினேன்.
வாசல் விளக்கை அணைக்கவில்லை.

யாரோ வரவேண்டும், அவ்வளவுதான் தெரிகிறது. சரி, தலைப்பு 'கடைசி பஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் வண்டி பனிமூட்டத்தில் தாமதம்; வருகிறவருக்குக் காபி ஆறாமல் இருக்கட்டும். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான்.

அதை அழித்துவிட்டு 'பதினாறாம் நாள்' என்று எழுதுங்கள். வரிகளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அந்த இரண்டாவது தம்ளரைக் குடிக்க ஆளில்லை. பழக்கத்தில் ஊற்றிய கைக்கு இது இன்னும் தெரியவில்லை. 'இன்றும்' என்ற முதல் சொல்லே கனத்துவிடுகிறது.

மூன்றாவதாக, 'காத்திருப்பு'. இது வரிகள் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. பத்திரிகைகளில் பாதித் தலைப்புகள் இந்த வகை என்பது என் வெகுநாள் குறை! 'மரணம்' என்று வைத்தால் இன்னும் மோசம். வாசகர் தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. யார், எப்போது என்ற நிலவரத்தை மட்டும் தலைப்பு கொடுத்தால் போதும். என்ன உணரவேண்டும் என்பதை வாசகரிடம் விட்டுவிடலாம்.

நம் சங்கப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே கிடையாதே என்று கேட்பீர்கள். அந்த வேலையைச் செய்ய அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. குறுந்தொகை மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது, நம் மலைக் குறிஞ்சிப்பூ வருகிற பாட்டு. நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது, கரிய காம்புடைய குறிஞ்சிப் பூக்களிலிருந்து தேனீக்கள் தேன் சேர்க்கும் நாட்டுக்காரனோடு என் நட்பு என்கிறாள் ஒருத்தி. குறிப்பைப் பார்க்காமல் படித்தால் ஆனந்தத்தில் பாடுகிறாள் என்றே தோன்றும்.

குறிப்பு வேறு சொல்கிறது. தலைவன் வேலிக்கு வெளியே நிற்கிறான். அவன் மணம் பேச வரவில்லையே என்று தோழி பழிக்கிறாள். தலைவி விட்டுக்கொடுக்காமல் புகழ்கிறாள். அவன் காதில் விழட்டும் என்றுதான் தோழி பழித்ததே! தோழிக்குச் சொல்லும் பதில் வேலி தாண்டியும் போகிறது. இவ்வளவு பெரிய நட்பை வைத்துக்கொண்டு இன்னும் ஏன் வெளியே நிற்கிறாய் என்று அவனுக்குக் கேட்காதா? முதலில் ஆனந்தமாகப் பட்ட அதே நாலு அடியில் இப்போது ஒரு தவிப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. புதுக்கவிதைத் தலைப்புகளைப் பற்றிப் பேச நினைத்தது நின்றுபோகிறது. ஒன்று மட்டும். அந்தக் குறிப்புகள் பாடியவர்கள் எழுதியவை அல்ல, பிற்காலத்தில் சேர்ந்தவை என்பது பொதுவான கருத்து. அதாவது, முன்னால் படித்த ஒருவர் புரிந்துகொண்ட விதம் அது. அதனால் குறுந்தொகையை எடுத்தால் முதலில் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டைப் படியுங்கள், அப்புறம் கையை எடுங்கள். வணக்கம்.