காதுக்கும் ஒரு வாரக் கணக்கு உண்டு
(தோட்டத்துப் பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். நம் மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளி கேட்கும் இரைச்சல் சராசரியாக 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடங்களில் காதுக் காப்பு கொடுப்பதும் செவிப்புலன் சோதனைக்கு அனுப்புவதும் முதலாளியின் கடமை. ஆனால் அதே வீட்டுப் பிள்ளை, அதைவிட உரத்த ஒலியை இயர்போன் வழியாக நாள்தோறும் கேட்டாலும், அதை அளந்து பார்க்க அங்கே யாரும் இல்லை.

உட்செவியில் காக்ளியா என்னும் சுருளுக்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அலைகளை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை அவையே. உரத்த ஒலி அவற்றின் நுண்ணிய இழைகளை அளவுக்கு மீறி அலைக்கழிக்கிறது. ஓய்வில்லாமல் உழைக்கும் செல்லுக்குள் நச்சுக் கழிவுகள் சேர்கின்றன. சிறிய பாதிப்பு என்றால் ஓரிரு நாளில் தேறிவிடும். செத்துப்போன செல்லோ மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவுகோலின்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபலில்தான். இதில் முக்கியமானது அடுத்த விதி: ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும், அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். மூன்று டெசிபல் வேறுபாட்டை நம் காது உணர்வதே அரிது. ஆனால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் அதில் இரட்டிப்பாகிவிடுகிறது. நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட்டில் உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் பஸ்ஸில் போய்வரும் இரண்டாம் படிவ மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். போக அரை மணி, வர அரை மணி. பஸ்ஸின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்பதற்காக அவன் ஒலியை 90 டெசிபல் வரை ஏற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 75-இல் 40 மணி, 78-இல் 20, 81-இல் 10, 84-இல் 5, 87-இல் இரண்டரை என்று இறங்கி, 90-இல் அவனுக்குக் கிடைப்பது வாரத்திற்கு ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே. திங்கட்கிழமை ஒரு மணி நேரம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் பாதி வழி வருவதற்குள் வாரப் பங்கு முழுவதும் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் அவன் நான்கு வாரத்துப் பங்கைச் செலவழித்திருப்பான், இரவில் படுக்கையில் பார்க்கும் காணொளிகளைச் சேர்க்காமலேயே.

இங்கே உண்மையான எதிரி பஸ்ஸின் இரைச்சல்தான். காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையுள்ள இயர்போனைப் போட்டால் வெளி இரைச்சல் குறையும். ஒலியை ஏற்றத் தேவையிருக்காது. அதே ஐந்து மணி நேரத்தை அவன் 78 டெசிபலில் கேட்டால் வாரப் பங்கில் கால்வாசிதான் செலவாகும். அமைதியான அறையில் போதுமான அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறிய பிறகு அதைத் தொடாமல் இருப்பதும் நல்ல பழக்கம். ஐபோன் வைத்திருப்பவர்கள் Settings, Sounds & Haptics, Headphone Safety என்று சென்று Reduce Loud Audio என்பதில் 75 டெசிபலையே உச்ச வரம்பாக வைக்கலாம். மற்றக் கைப்பேசிகள் பலவற்றிலும் இதுபோன்ற வரம்பு உண்டு. பெற்றோர் அதை இன்றிரவே தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கென்றே விற்கப்படும் ஹெட்போன்கள் சிலவற்றின் பெட்டியில் ‘85 டெசிபலுக்கு மேல் போகாது’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி நாள் முழுவதும் மாட்டிவிடாதீர்கள். 85 என்பது பிள்ளைகளுக்குரிய 75-ஐவிடப் பத்து மடங்கு ஆற்றல் உள்ள ஒலி. அந்த அளவில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான் உண்டு.

கேடு தொடங்கியதை எப்படி அறிவது? பெரும்பாலும் உச்சக் கீச்சு ஒலிகளைக் கேட்கும் பகுதிதான், அதாவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான், முதலில் பழுதாகும். அதனால் பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. சந்தடியில் ‘என்ன, என்ன’ என்று கேட்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று திட்டுவதற்கு முன் அவன் காதைச் சோதியுங்கள். இயர்போனைக் கழற்றியதும் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தாலோ, ஒலிகள் மங்கிக் கேட்டாலோ, அன்றைய அளவு மீறிவிட்டது என்று பொருள். இரைச்சல் மறுநாளும் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே செல்லுங்கள்; அதற்கான சிகிச்சை முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப அதிக வாய்ப்பு உண்டு.