பத்துக் கட்டுரை, ஒரு கிரைண்டர் கடை

வணக்கம் நேயர்களே. கோயம்புத்தூரில் ஹோட்டல்களுக்குப் பெரிய கிரைண்டர் செய்து விற்கும் ஒருவர் தம் இணையதளத்தில் பத்துக் கட்டுரைகள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் என் கற்பனைதான். ஆனால் கட்டுரைக்குப் போட்ட காசு திரும்புமா என்று கணக்குப் போடும் முறை எந்தக் கடைக்கும் இதுதான்.

ஒரு கட்டுரைக்கு என்ன செலவு? எழுதியவருக்கு 3,000 ரூபாய் என்று சட்டெனச் சொல்லிவிடுவார். படம் எடுக்கவும் தளத்தில் ஏற்றவும் 1,500. அப்புறம், எழுதுபவரோடு உட்கார்ந்து முதலாளி விளக்கிய மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதை யாரும் சேர்ப்பதில்லை. மணிக்கு 500 போட்டால் அதுவே 1,500. ஆக ஒரு கட்டுரைக்கு 6,000, பத்துக்கு 60,000.

இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு விசாரிப்பவர்களில் பத்துக்கு ஒருவர் வாங்குகிறார். கிரைண்டர் விலை 30,000. ஆறு விற்றதும் "1,80,000 வந்துவிட்டது, மூன்று மடங்கு" என்று துள்ளுவார். சரி, இரும்புக்கும் மோட்டாருக்கும் கூலிக்கும் யார் கொடுப்பது? ஒரு கிரைண்டரில் மிஞ்சுவது 6,000தான். பத்து விசாரணைக்கு 6,000 என்றால் ஒரு விசாரணையின் மதிப்பு 600. போட்ட 60,000 திரும்ப 100 விசாரணை வேண்டும்.

முதல் மூன்று மாதம் ஒன்றுமே வரவில்லை. தேடுபொறியில் மேலே வர நாளாகும். நான்காம் மாதத்திலிருந்து மாதத்துக்கு எட்டு விசாரணை, ஏழாம் மாதத்திலிருந்து பதினாறு. கூட்டினால் பதினோராம் மாத முடிவில் 104. விசாரித்தவர் முடிவெடுக்க ஒரு மாதம் ஆகுமென்றால், பணம் கைக்குத் திரும்பும்போது ஓராண்டு ஆகியிருக்கும். ஆறாம் மாதத்தில் கணக்குப் பார்த்தவர் நிறுத்தியிருப்பார்!

எந்தக் கட்டுரை அழைத்து வந்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கட்டுரையிலும் வாட்ஸ்அப் பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் தானாக வரும் முதல் வரி கட்டுரைக்குக் கட்டுரை மாறட்டும். போனில் வருபவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான். கடையின் பெயரைத் தேடி வந்தவரை இதில் சேர்க்காதீர்கள். அவர் எப்படியும் வந்திருப்பார்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் இரண்டு கட்டுரைதான் 80 விசாரணை கொண்டு வந்திருக்கிறது. நூறு இட்லிக்கு எத்தனை லிட்டர் கிரைண்டர் என்பது ஒன்று, கல் தேய்ந்தால் என்ன செலவு என்பது இன்னொன்று. அந்த இரண்டின் செலவை மட்டும் வைத்து லாபம் சொல்லாதீர்கள், மற்ற எட்டுக்கும் காசு போயிருக்கிறது. அதிகம் பேர் படித்தது பஞ்சு மாதிரி இட்லிக்கு மாவு அரைப்பது எப்படி என்ற கட்டுரையை. அதைப் படித்துவிட்டு நாற்பது லிட்டர் கிரைண்டர் வாங்கியவர் ஒருவரும் இல்லை.