பொருளாதாரச் சுழற்சியில் எந்தத் துறை எப்போது முந்துகிறது? 2007–2009 அமெரிக்கச் சந்தையை வைத்து ஒரு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். இன்றைய காணொளியில், பொருளாதாரத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு துறையின் பங்குகள் முந்துவதை, அதாவது துறைச் சுழற்சியைப் பற்றிப் பேசவிருக்கிறேன். இதை ஒரு வட்டப் படமாக வரைந்து காட்டுவது வழக்கம். அந்தப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு துறை ஏன் முந்துகிறது என்ற காரணத்தைப் புரிந்துகொள்வதே நமக்குப் பயன்படும் என்று நான் நம்புகிறேன்.

பொருளாதாரம் மந்தநிலையிலிருந்து மீளும்போது வட்டி குறைவாக இருக்கும். ஆகவே கடனில் வாங்கப்படும் கார், வீடு போன்றவற்றைச் சார்ந்த நிறுவனங்களும், கடன் கொடுக்கும் வங்கிகளும் முதலில் எழுகின்றன. விற்பனை நிலைபெற்ற பிறகுதான் நிறுவனங்கள் புதிய இயந்திரங்களுக்கும் கணினிகளுக்கும் செலவிடத் துணிகின்றன என்பதால், அடுத்த கட்டத்தில் தொழில்நுட்பமும் இயந்திரத் தயாரிப்பும் முந்துகின்றன. வளர்ச்சி முதிரும்போது தேவைக்கு ஏற்ப உற்பத்தியைக் கூட்ட முடியாமல் மூலப்பொருள்களின் விலை ஏறும். அந்த விலையேற்றமே எண்ணெய், சுரங்க நிறுவனங்களின் லாபமாகிறது. பொருளாதாரம் சுருங்கத் தொடங்கிய பிறகோ, சோப்பு, மருந்து, மின்சாரம் என மக்கள் தவிர்க்க முடியாதவற்றை விற்பவர்களே குறைவாக அடிபடுகிறார்கள்.

இது நடைமுறையில் எப்படி நிகழ்ந்தது என்பதை 2007-இல் தொடங்கிப் பார்ப்போம். அந்த ஆண்டு, அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு, டிவிடெண்டையும் சேர்த்து, சுமார் 5 சதவீதம் உயர்ந்தது. குறியீட்டை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் நலமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்குள்ளே நிதித்துறை 18 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது. எரிசக்தித் துறை 34 சதவீதம் உயர்ந்திருந்தது. வங்கிகள் விழ, எண்ணெய் நிறுவனங்கள் ஏறினால், சுழற்சி முதிர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி அரிது.

2007 டிசம்பரில் மந்தநிலை தொடங்கியது. அதற்குப் பிறகும் கச்சா எண்ணெய் ஏறிக்கொண்டே போய், 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது; அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே கிடந்தது. கடைசிக் கட்டத்தில் முந்தும் துறை, பொருளாதாரம் திரும்பிய பிறகும் சில மாதங்கள் ஏறும் என்பதையும், இறங்கும்போது எவருக்கும் அவகாசம் தராது என்பதையும் இதில் கவனியுங்கள்.

2008-இல் குறியீடு 37 சதவீதமும் நிதித்துறை சுமார் 55 சதவீதமும் வீழ்ந்தபோது, அன்றாட நுகர்பொருள் துறையின் வீழ்ச்சி சுமார் 15 சதவீதத்தோடு நின்றது. அதுவும் நட்டம்தான், “பாதுகாப்பான துறை” என்பதன் பொருள் குறைவாக இழப்பது மட்டுமே. டோ ஜோன்ஸ் குறியீட்டின் 30 பங்குகளில் அந்த ஆண்டு ஏற்றத்துடன் முடிந்தவை இரண்டு: வால்மார்ட், மெக்டொனால்ட்ஸ். இதில் மெக்டொனால்ட்ஸ், வகைப்பாட்டின்படி மக்கள் விரும்பினால் மட்டும் செலவிடும் துறையைச் சேர்ந்தது. கையில் பணம் குறைந்தவர்கள் மலிவான உணவுக்கு மாறினார்கள். துறையின் பெயரை நம்பாமல், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்ன செய்வார் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி மிகக் கடினமான பகுதி. சந்தை 2009 மார்ச் 9 அன்று அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. அதிகம் அடிவாங்கிய நிதித்துறை, அந்த மார்ச் அடிமட்டத்திலிருந்து ஆண்டு முடிவதற்குள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனால் மந்தநிலை முடிந்ததோ ஜூன் மாதத்தில். அப்படி முடிந்தது என்று அதை அதிகாரப்பூர்வமாகத் தேதியிடும் என்.பி.இ.ஆர். அமைப்பு அறிவித்ததோ 2010 செப்டம்பரில். அறிவிப்புக்காகக் காத்திருந்தவருக்கு முதல் கட்டத்தின் ஏற்றம் முழுவதும் கைநழுவிப் போயிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது, ஐ.எஸ்.எம். அமைப்பு கொள்முதல் மேலாளர்களிடம் மாதந்தோறும் கேட்டு வெளியிடும் புதிய ஆர்டர் குறியீட்டை. 50-க்குக் கீழே இருந்தால் ஆர்டர்கள் சுருங்குகின்றன என்று பொருள். அது 2008 டிசம்பரில் மிகத் தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. சந்தை திரும்பிய மார்ச்சிலும் 50-ஐத் தொடவில்லை. எண் நல்லதா கெட்டதா என்பதைவிட, வீழ்ச்சியின் வேகம் குறைகிறதா என்பதே முன்கூட்டிச் சொல்கிறது. ஆயினும் இந்தக் குறியீடு சில மாதங்கள் ஏறிவிட்டு மறுபடியும் இறங்குவதுண்டு. ஆகவே, குறைந்த தரமுள்ள நிறுவனக் கடன் பத்திரங்களின் வட்டிக்கும் அரசுப் பத்திர வட்டிக்கும் உள்ள இடைவெளியும் சுருங்குகிறதா, அதாவது கடன் கொடுப்பவர்களின் அச்சம் தணிகிறதா என்று சேர்த்தே பார்க்கிறேன்.

1948 முதல் 2007 வரையிலான அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்தவர்கள், சுழற்சியின் ஒவ்வொரு திருப்பத்தையும் பிழையின்றி முன்னறிந்த ஒருவருக்குக்கூட, வழக்கமான துறைச் சுழற்சி உத்தியால் சந்தையைவிட ஆண்டுக்கு அதிகபட்சம் 2.3 சதவீதமே கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று கண்டறிந்தார்கள். அதுவும் தரகுச் செலவைக் கழிப்பதற்கு முன்பு. எனவே முதலீடு முழுவதையும் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சந்தை முழுவதையும் பின்பற்றும் அகன்ற குறியீட்டு நிதியை அடித்தளமாக வைத்துக்கொண்டு, ஒரு சிறு பங்கை மட்டும், அறிகுறிகள் ஒன்றையொன்று உறுதிசெய்யும்போது, படிப்படியாக நகர்த்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.