ஒரே குளுக்கோஸ், இரண்டு வழிகள்: பாக்டீரியாக்களில் சர்க்கரைச் சிதைவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று பத்து படிகளில் இரண்டு பைருவேட்டாக உடைகிறது என்றும், அதனால் செல்லுக்கு இரண்டு ஏடிபி நிகர லாபமாகக் கிடைக்கிறது என்றும் பள்ளிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். எம்டன், மேயர்ஹாஃப், பர்னாஸ் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் அந்த வழி ஈஸ்ட்டிலும் நம் தசையிலும் பல பாக்டீரியாக்களிலும் உண்மையாகவே நடைபெறுகிறது. ஆனால் அதே குளுக்கோஸை வேறு விதமாக உடைத்து, ஒரே ஒரு ஏடிபியோடு மனநிறைவு கொள்ளும் பாக்டீரியாக்களும் உள்ளன. சூடோமோனாஸ் சாக்கரோஃபிலா என்ற பாக்டீரியாவை ஆராய்ந்த என்ட்னரும் டௌடராஃபும் 1952-இல் இந்த மாற்று வழியை வெளியிட்டார்கள். ஏடிபியில் பாதியை இழக்கும் ஒரு வழி இயற்கையில் ஏன் நீடிக்கிறது, ஒரு பாக்டீரியா எந்த வழியில் செல்கிறது என்பதை எப்படி அறிவது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இரு வழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை முதலில் பார்ப்போம். குளுக்கோஸின் ஆறாம் கார்பனில் பாஸ்பேட் சேரும் முதல் படி இரண்டுக்கும் பொது. அதற்கு ஓர் ஏடிபி செலவாகிறது. வழக்கமான வழியில் அந்தச் சர்க்கரை ஃபிரக்டோஸ் வடிவத்துக்கு மாறி, பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதியின் வழியாக இன்னோர் ஏடிபியைச் செலவழித்து இரண்டாம் பாஸ்பேட்டைப் பெறுகிறது. பின்னர் நடுவில் உடைந்து, மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளைத் தருகிறது. இரு துண்டுகளிலும் பாஸ்பேட் இருப்பதால் இரண்டுமே கீழ்ப்பகுதிப் படிகளில் இறங்கி, ஒவ்வொன்றும் இரண்டு ஏடிபி வீதம் நான்கு தருகின்றன. செலவான இரண்டைக் கழித்தால் மீதி இரண்டு.

மாற்று வழியில் அந்த இரண்டாம் பாஸ்பேட் சேர்வதே இல்லை. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டின் முதல் கார்பன் ஆக்சிஜனேற்றம் பெற்று, 6-பாஸ்போகுளுக்கோனேட் என்ற அமிலமாகிறது. அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை ஒரு டீஹைட்ரேட்டேஸ் நொதி நீக்கும்போது, இந்த வழியின் முக்கிய இடைப்பொருளான கேடிபிஜி உருவாகிறது. அதை ஓர் ஆல்டோலேஸ் நொதி இரண்டாக வெட்டுகிறது. மேல்பாதி நேராகவே பைருவேட்டாக வெளியேறிவிடுகிறது. பாஸ்பேட் தாங்கிய கீழ்ப்பாதி மட்டுமே, வழக்கமான கீழ்ப்பகுதிப் படிகளில் இறங்கி இரண்டு ஏடிபி ஈட்டுகிறது. செலவு ஒன்று, வரவு இரண்டு, நிகரம் ஒன்று.

இந்தக் கணக்கு தாளில் மட்டும் நிற்பதன்று, வளர்ந்த செல்களின் எடையிலும் தெரிகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வளரும் ஈஸ்ட், ஒரு மோல் குளுக்கோஸிலிருந்து, அதாவது 180 கிராமிலிருந்து, ஏறத்தாழ 20 கிராம் உலர் செல்களைத் தருகிறது. மாற்று வழியில் செல்லும் சைமோமோனாஸ் மொபிலிஸ் தருவது ஏறத்தாழ 8 கிராமே. பாக்காப்பும் எல்ஸ்டனும் 1960-இல் இத்தகைய அளவீடுகளைக் கொண்டு, ஒரு மோல் ஏடிபிக்கு ஏறத்தாழ 10 கிராம் செல் உருவாகிறது என்ற தொடர்பைக் காட்டினார்கள். வேதிவினைப் பாதையின் விளைவைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

அப்படியானால் இந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? விடை நொதிகளின் அளவில் இருக்கிறது. வழக்கமான வழியில் ஆறு கார்பன் சர்க்கரையை இரண்டாக வெட்டும் படி, வெப்ப இயக்கவியல் நோக்கில் மேட்டில் ஏறுவது போன்றது. திட்ட நிலையில் அதற்கு மோலுக்கு ஏறத்தாழ 24 கிலோஜூல் தடை உண்டு. செல்லுக்குள் வினை முன்னோக்கி நகர்ந்தாலும் பின்னோக்கியும் கணிசமாக ஓடுவதால், தேவையான வேகத்தை எட்ட நொதியை மிகுதியாகக் குவிக்க வேண்டியிருக்கிறது. மாற்று வழியிலோ ஆக்சிஜனேற்றப் படியும் நீர் நீக்கப் படியும் நன்றாக இறக்கத்தில் செல்வதால் சர்க்கரை முன்னோக்கியே இழுக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, குளுக்கோஸ் ஒன்றுக்கு ஒரு துண்டுதான் கீழ்ப்பகுதிப் படிகளில் இறங்குகிறது. ஃபிளம்ஹோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, ஒரே வேகத்தில் குளுக்கோஸை உடைக்க மாற்று வழிக்குத் தேவையான நொதிப் புரதம் பல மடங்கு குறைவு. புரதம் தயாரிப்பதே செல்லுக்குப் பெருஞ்செலவு என்பதால், சுவாசத்தின் வழியாக ஏடிபியை வேறிடத்தில் ஈட்டிக்கொள்ளும் பாக்டீரியாவுக்கு இங்கே ஓர் ஏடிபியை விட்டுக்கொடுப்பது நட்டமாகாது. ஆக்சிஜனில்லாச் சூழலில் நொதித்தலையே நம்பி வாழும் உயிர்களிடையே வழக்கமான வழி மிகுந்திருப்பதற்கும் இதுவே பொருத்தமான விளக்கம். சைமோமோனாஸ் மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை: அது நொதித்தலால் வாழ்ந்தும், பாஸ்போஃபிரக்டோகைனேஸ் இல்லாததால் மாற்று வழியிலேயே செல்கிறது, குறைந்த ஏடிபியை ஈடுகட்டச் சர்க்கரையை மிக விரைவாக உடைத்துத் தள்ளுகிறது.

இனி, வழியைக் கண்டறியும் முறைக்கு வருகிறேன். குளுக்கோஸின் முதல் கார்பனில் மட்டும் கதிரியக்கக் கார்பன்-14 வைத்து சைமோமோனாஸுக்குக் கொடுப்பதாகக் கொள்வோம். மாற்று வழியில் அந்தக் கார்பன் பைருவேட்டின் கார்பாக்சில் முனையாகிறது. பைருவேட் எத்தனாலாக மாறும்போது கழன்று போவது அந்த முனையே என்பதால், கதிரியக்கம் கார்பன் டை ஆக்சைடில் தென்படும். ஈஸ்ட்டுக்கு அதே சர்க்கரையைக் கொடுத்தால், முதல் கார்பன் பைருவேட்டின் மறுமுனையான மெத்தில் தொகுதிக்குச் செல்வதால், கதிரியக்கம் எத்தனாலிலேயே தங்கிவிடும். ஈஸ்ட்டில் வாயுவாக வெளியேறுபவை மூன்றாம், நான்காம் கார்பன்கள். சைமோமோனாஸில் முதலாம், நான்காம் கார்பன்கள்.

ஆனால் வாயுவை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பென்டோஸ் பாஸ்பேட் வழியும் முதல் கார்பனையே கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றுகிறது. அது பைருவேட் உருவாகும் முன்னரே போய்விடுவதால், செல் புரதத்திலுள்ள அலனினைப் பிரித்தெடுத்து அதன் கார்பாக்சில் கார்பனைச் சோதிக்க வேண்டும். பைருவேட்டிலிருந்து நேரடியாக உருவாகும் அலனினில் அந்த இடத்தில் அடையாளம் இருந்தால், மாற்று வழி இயங்கியிருக்கிறது. மரபணுத் தொகுதியைப் படித்து முடிவு செய்வோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: கேடிபிஜியை வெட்டும் ஆல்டோலேஸ் சர்க்கரை அமிலங்களைச் சிதைக்கவும் பயன்படுவதால், அதன் மரபணு மட்டும் இருப்பது சான்றாகாது, டீஹைட்ரேட்டேஸின் மரபணுவும் உடன் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும் அவை எப்போதும் வேலை செய்வதாகக் கொள்ளலாகாது. ஈ. கோலை இரண்டையும் வைத்திருந்தும், குளுக்கோஸைப் பெரும்பாலும் வழக்கமான வழியிலேயே உடைக்கிறது; குளுக்கோனேட் கிடைக்கும்போதுதான் மாற்று வழியை முழுமையாகத் திறக்கிறது. அந்த ஆல்டோலேஸை இழந்த ஈ. கோலை குளுக்கோனேட்டில் வளராமல் நின்றுவிடும். வெட்டப்படாத கேடிபிஜி உள்ளே தேங்கி நஞ்சாகிவிடுவதே காரணம்.

சூடோமோனாஸ் புட்டிடாவில் ஆய்வு இன்னும் சிக்கலாகிறது. அதற்கும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் இல்லை. ஆனால் மூன்று கார்பன் துண்டுகளில் ஒரு பகுதியை அது மீண்டும் இணைத்து, வழக்கமான வழியின் மேற்படிகளில் பின்னோக்கி ஏற்றி, ஆறு கார்பன் சர்க்கரையாக்கிச் சுழற்றுகிறது. அங்கே ஆறாம் கார்பனில் அடையாளமிட்ட குளுக்கோஸே உதவும்: சுழற்சி இல்லையென்றால் அந்த அடையாளம் அலனினின் மெத்தில் கார்பனில் மட்டுமே இருக்கும்; சுழற்சி இருந்தால், ஆறாம் கார்பன் சுற்றி வந்து முதலாம் இடத்தைப் பிடிப்பதால், அதன் ஒரு பகுதி கார்பாக்சில் கார்பனிலும் வந்து நிற்கும்.