புண்ணுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2020 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், கொரோனா ஊரடங்கின்போது, திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையின் வாசலில் ஒரு சுரங்கப் பாதை போன்ற கூடாரம் அமைக்கப்பட்டது. காய்கறி வாங்க வந்தவர்கள் கைகளை உயர்த்தியபடி அதனுள் சில வினாடிகள் நடந்து செல்ல, மேலிருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீர் பனிபோலத் தெளிக்கப்பட்டது. ஓரிரு நாட்களிலேயே பல ஊர்களில் இதைப் பார்த்து இதேபோல் அமைத்தார்கள். ஆனால் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை விரைவிலேயே இதை நிறுத்தச் சொன்னது. மனிதர்கள்மீது கிருமிநாசினியைத் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் ஏப்ரல் 18 அன்று அறிவுறுத்தியது. நல்ல எண்ணத்தில் செய்த ஒரு காரியத்தை ஏன் தடுத்தார்கள் என்பதை விளக்கினாலே, இன்றைய உரையின் பொருளில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

நாம் கிருமிநாசினி என்று பொதுவாகச் சொல்பவற்றில் இரு வகைகள் உள்ளன. உயிருள்ள தோலிலும் புண்ணிலும் பயன்படுவது ஆன்டிசெப்டிக். தரை, மேசை, கழிவறை போன்ற உயிரற்ற பரப்புகளுக்கானது டிஸ்இன்ஃபெக்டன்ட். இரண்டும் கிருமியைக் கொல்பவைதாம். கிருமியைக் கொல்லும்போது பக்கத்தில் இருக்கும் நம் செல்லை எந்த அளவுக்கு விட்டுவைக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஹைப்போகுளோரைட்டையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் துணி வெளுக்கவும் மருத்துவமனையில் தரை துடைக்கவும் பயன்படும் இந்தத் திரவம், எதிர்ப்படும் புரதத்தை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. அந்தப் புரதம் பாக்டீரியாவினுடையதா, கண்ணின் வெண்படலத்தினுடையதா என்று அது பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, புட்டியில் வரும் கரைசல் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக அதில் காரம் மிகுதியாக இருக்கும். ஒரு துளி விரலில் பட்டுத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குச் சோப்புபோல் வழுக்குவது தெரிந்திருக்கும். நம் தோலிலுள்ள கொழுப்பையே அந்தக் காரம் சோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த வழுக்கலின் பொருள். தரைக்குக் கொழுப்பும் இல்லை, ஆற வேண்டிய புண்ணும் இல்லை என்பதால் அங்கே இந்த முரட்டுத்தனம் ஒரு வசதி.

இப்போது அந்தக் கூடாரத்துக்குத் திரும்புவோம். கிருமி சாகும் அளவுக்குக் கரைசலைக் கனமாக்கினால் கண்ணும் மூச்சுக்குழாயும் எரியும். உடம்பு தாங்கும் அளவுக்கு நீர்த்தால், சில வினாடிகளில் அது ஒன்றும் செய்யாது. ஏனென்றால் எந்தக் கிருமிநாசினிக்கும் ஈரமாகத் தொட்டிருக்க வேண்டிய ஒரு நேரம் உண்டு. அது வினாடிக் கணக்கில் அல்ல, பெரும்பாலும் நிமிடக் கணக்கில் இருக்கும். தவிர, வியர்வையும் சட்டையின் அழுக்கும் குளோரினில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தொண்டைக்குள் இருக்கும் வைரஸையோ அது தொடவே போவதில்லை.

அப்படியானால் ஹைப்போகுளோரைட்டைப் புண்ணில் பயன்படுத்தியதே இல்லையா என்று கேட்டால், பயன்படுத்தினார்கள், அதுவும் வெற்றிகரமாகவே. முதல் உலகப்போரின்போது, 1915-இல், பிரான்சின் கொம்பியேன் நகரில் ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளரும் அலெக்சிஸ் கரேல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரும் சீழ்பிடித்த போர்க்காயங்களுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தரைக்கான கரைசலை அப்படியே ஊற்றிவிடவில்லை. டேக்கின் அதன் காரத்தைப் போரிக் அமிலத்தால் தணித்தார், அடர்த்தியை 0.5 சதவீதத்துக்கு மேல் போகவிடவில்லை. சீழும் இரத்தமும் குளோரினை விரைவில் தீர்த்துவிடும் என்பதால், கரேல் காயத்துக்குள் சிறு ரப்பர் குழாய்களை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய கரைசலைச் செலுத்தினார். சுற்றியுள்ள நல்ல தோல் புண்ணாகாதிருக்க வாசலின் தடவிய துணியால் மூடினார். தரைக்கான ஒரு பொருளைப் புண்ணுக்கு ஏற்றதாக ஆக்க இத்தனை பாடுபட வேண்டியிருந்தது. அந்த அடர்த்திகூடப் புதுத்திசுவை வளர்க்கும் செல்களைப் பாதிக்கிறது என்று பின்னர் ஆய்வுக்கூடங்களில் தெரியவந்ததால், இன்று மருத்துவர்கள் அதை இன்னும் நீர்த்தே, அதுவும் தேர்ந்தெடுத்த புண்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

தோலுக்கென்றே உருவான மருந்து எப்படி இருக்கும் என்பதற்குப் போவிடோன் அயோடின் நல்ல எடுத்துக்காட்டு. பழைய டிங்ச்சர் அயோடினைச் சிராய்ப்பில் தடவியவர்கள் அந்த எரிச்சலை மறந்திருக்க மாட்டார்கள். போவிடோனில் அதே அயோடின் ஒரு பெரிய மூலக்கூறுடன் பிணைக்கப்பட்டு, சிறிது சிறிதாக வெளிவருகிறது; எந்த நேரத்திலும் தோலைத் தொடும் தனி அயோடின் மிகக் குறைவாகவே இருக்கும். தடவிய இடத்தில் பழுப்பு நிறம் இருக்கும்வரை மருந்து வேலை செய்கிறது. சீழ் மிகுந்த புண்ணில் அந்த நிறம் விரைவில் வெளுத்துப்போவது, அயோடின் தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அதனால்தான் புண்ணை முதலில் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவிவிட்டு, பிறகு மருந்து இட்டு, அது காயும்வரை காத்திருக்கச் சொல்கிறோம். தைராய்டு நோய் உள்ளவர்களும், பச்சிளங்குழந்தைக்குத் தடவ நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே இதைப் பயன்படுத்த வேண்டும்.

எதிர்த்திசையில் நடக்கும் பிழையைப் பலரும் பிழையாகவே கருதுவதில்லை. புண்ணுக்கான மருந்தைத் தரைத் துடைப்பு வாளியில் கலந்தால், வாசனை வரும், மனம் நிறையும், கிருமி அவ்வளவாகச் சாகாது. வாளியின் அழுக்கே மருந்தைத் தீர்த்துவிடும். மருத்துவமனைகளிலும் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பஞ்சையும் கருவிகளையும் எடுக்கும் நீண்ட இடுக்கியை ஒரு ஜாடியில் ஆன்டிசெப்டிக் கரைசலில் நிறுத்திவைப்பார்கள். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நீர்த்த ஆன்டிசெப்டிக்கில் சாகாமல் வாழக்கூடியவை என்பதால், நாள்பட்ட ஜாடியே தொற்றின் ஊற்றாகிவிடும். இடுக்கியை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்கி, உலர்ந்த நிலையில் வைப்பதே முறை.

தரையில் இரத்தம் சிந்திவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். கையுறை அணிந்து, இரத்தத்தின்மேல் பழைய துணியையோ காகிதத்தையோ போட்டு மூட வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு தம்ளருக்கு நான்கு தம்ளர் குளிர்ந்த நீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதைத் துணி முழுதும் நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, துணியோடு சேர்த்துத் துடைத்தெடுத்து, பிறகு தண்ணீரால் கழுவ வேண்டும். பொறுமையில்லாமல் ஊற்றிய உடனே துடைத்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. கரைசலை அன்றன்றைக்கே கலக்க வேண்டும். வெயிலும் வெப்பமும் பட்ட புட்டியில், மேலே எழுதியுள்ள சதவீதம் உள்ளே இருக்காது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டுடன் இதை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் வெளிவருவது நச்சு வாயுவான குளோரின்.

வேலையின்போது ஹைப்போகுளோரைட் கண்ணில் தெறித்துவிட்டால், அதை முறிக்கிறேன் என்று எலுமிச்சையையோ வினிகரையோ தேடிப் போகாமல், உடனே ஓடும் குழாய்நீரில் கண்ணைத் திறந்துபிடித்துப் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வணக்கம்.